நாற்காலிக் காலுக்கு அடியில் என்ன ஒட்டுவது? டெல்லி மார்பிள் வீடுகளுக்கான கேள்வி பதில்

மயூர் விஹாரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பக்கத்து வீட்டு மாமியின் சாப்பாட்டு மேசை நாற்காலிகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஃபெல்ட் ஒட்டிக் கொடுத்தேன். அதிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஃபெல்ட், கார்க், ரப்பர் மூணும் கடையில இருக்கு. எதை வாங்கறது?

தினமும் இழுபடும் சாமானுக்கு ஃபெல்ட். நகரவே கூடாத சாமானுக்கு ரப்பர். வைத்த இடத்தில் அப்படியே இருக்கும், தண்ணீரும் படாத சாமானுக்குக் கார்க். வெள்ளை மார்பிள் என்றால் கறுப்பு ரப்பர் மட்டும் வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஃபெல்ட் என்பது நெய்யாமல் அழுத்தியே செய்த கம்பளி அல்லது பாலியஸ்டர் துணி. வழவழப்பான தரையில் அது வழுக்கிப் போகும். ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் போட்ட நாற்காலியை இழுத்தால் கால் ஒரு கணம் பிடித்து, ஒரு கணம் விட்டு, மறுபடி பிடிக்கிறது. அந்தத் துள்ளல்தான் ‘கிரீச்’ என்று காதில் விழுகிறது. சாப்பாட்டு மேசை நாற்காலிகளுக்குக் காலில் மாட்டும் ரப்பர் புஷ் போட்டுவிட்டு, சத்தம் முன்னைவிட அதிகமாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் வீட்டில் நடப்பது இதுதான். ரப்பர் நல்ல பொருள்தான். இழுக்கிற காலுக்கு அது ஏற்றதல்ல.

ஃபெல்ட் ஒட்டித்தான் வச்சிருக்கோம். அப்பவும் மார்பிள்ல கோடு கோடா விழுதே?

ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஃபெல்ட் கறுத்து, இறுகி, பளபளவென்று இருந்தால் கோடு போடுவது அதில் சிக்கியிருக்கும் மணல்தான்.

மார்பிள் பார்க்கத்தான் உறுதி. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் அது 3 அளவில்தான் நிற்கிறது. மணலில் பெரும்பங்காக இருக்கும் குவார்ட்ஸ் அதே அளவில் 7. மக்ரானா வெள்ளையோ வேறு ராஜஸ்தான் கல்லோ, ஒரு சிறு மணல் துகளுக்கு முன்னால் எல்லாம் மென்மையானவையே. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் ராஜஸ்தான் பக்கமிருந்து ஆந்தி என்கிற புழுதிக்காற்று அடிக்கும்போது ஜன்னலை மூடி வைத்தாலும் தரையில் ஒரு படலம் படிவதை இங்கே இருக்கிற எல்லோரும் பார்த்திருப்போம். நாற்காலி இழுபடும்போது ஃபெல்ட்டின் நார்கள் அந்தத் தூசியைக் கூட்டி உள்ளே வாங்கிக்கொள்கின்றன. மேலே ஒருவர் உட்கார்ந்திருக்கும் எடையோடு அது நகர்ந்தால் உப்புத்தாள் வேலைதான் நடக்கும்.

சோதிப்பது எளிது. ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் நாற்காலிக் காலைப் பிடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஃபெல்ட்டைச் சுரண்டுங்கள். தாளில் விழுவதை விரலால் உருட்டிப் பாருங்கள். தலைமுடியும் பஞ்சும் மட்டும் என்றால் கவலை இல்லை. நறநறவென்று தட்டுப்பட்டால் அன்றே சுத்தம் செய்யவேண்டும்.

எங்கள் வீட்டில் சாதாரண நாட்களில் மாதம் ஒருமுறை பிரஷ் போட்டு, பிறகு வாக்குவம் கிளீனரின் குறுகிய முனையால் உறிஞ்சி எடுக்கிறோம். ஆந்தி அடித்தால் மறுநாளே இந்த வேலை. பிரஷ் போட்டும் நார் நிமிராமல், விரலால் அழுத்தினால் பலகை மாதிரி இருந்தால் அந்த ஃபெல்ட் முடிந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். மாற்றும்போது நான்கு காலுக்கும் சேர்த்து மாற்றவேண்டும். பழையது அமுங்கி மெலிந்திருக்கும். ஒன்றை மட்டும் புதிதாக்கினால் நாற்காலி ஆடும்.

மேசையைச் சுத்தி மங்கலா திட்டுத் திட்டா இருக்கு. அதுவும் நாற்காலி வேலையா?

பெரும்பாலும் ரசத்தின் வேலை. மார்பிள் சுண்ணாம்புக் கல்லின் குடும்பம். புளி, எலுமிச்சை, தக்காளி எது சிந்தினாலும் அதிலுள்ள அமிலம் மேல் மெருகைக் கரைத்துவிடும். விரல் நகத்தை அந்த இடத்தில் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தடுக்கினால் கீறல். தடுக்காமல் வழுக்கிப் போய், பளபளப்பு மட்டும் இல்லாமல் இருந்தால் அமிலம் பட்ட இடம். அதற்கு எந்த ஃபெல்ட்டும் உதவாது. சிந்தியவுடன் துடைப்பதும், மெருகு போடுகிறவரைக் கூப்பிடுவதும்தான் வழி.

கீறலிலும் இரண்டு விதம் உண்டு. முடி போன்ற மெல்லிய கோடுகள் பல, ஒன்றுக்கொன்று இணையாக, நாற்காலி பின்னால் போகும் திசையில் இருந்தால் அது மணல். ஒரே ஒரு ஆழமான பள்ளம் என்றால் எங்கோ ஆணியோ இரும்புக் குழாயின் விளிம்போ தரையைத் தொடுகிறது. இரண்டாவது வகையைப் பார்த்தால் அந்த நாற்காலியை உடனே தனியாக எடுத்து வையுங்கள்.

ஒட்டின பத்து நாள்ல நழுவிடுது. மட்டமான பசையா?

பசை சுமார்தான் என்றாலும், நான் பார்த்த வரையில் குற்றம் பெரும்பாலும் ஒட்டும் முறையிலும், போச்சா என்று தினமும் ஈரத்துணியால் தரை துடைப்பதிலும்தான் இருக்கிறது. மாமி வீட்டு நாற்காலிகளையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆறு ஷீஷம் மர நாற்காலிகள், ஒவ்வொன்றும் ஏழு கிலோ போல இருக்கும். காலின் அடி 35 மி.மீ. சதுரம். ஏற்கெனவே மூன்று முறை ஃபெல்ட் வாங்கி ஒட்டியிருந்தார். 24 கால்களில் ஏழில் மட்டுமே மிச்சம் இருந்தது, அதுவும் பக்கவாட்டில் வழிந்து, ஓரத்தில் பசை கறுப்பாகப் பிசுபிசுத்துக்கொண்டு. கவிழ்த்துப் பார்த்ததும் காரணங்கள் தெரிந்தன. காலின் அடி, ரம்பத்தால் அறுத்தது அறுத்தபடியே இருந்தது; அந்த வெட்டு முகத்தில் மரத்தின் நுண்துளைகள் திறந்திருக்கும், தூள் உதிரும். பசை மரத்தில் ஒட்டாமல் தூளில் ஒட்டியிருந்தது. ஃபெல்ட்டைக் காலின் விளிம்பு வரை சதுரமாக வெட்டியிருந்தார்கள். மார்பிள் இணைப்புகளில் மூலை தட்டித் தட்டி அங்கிருந்து உரிந்திருக்கிறது. மூன்றாவது காரணம் தண்ணீர். வேலைக்கு வரும் தீதி நாற்காலியைத் தூக்காமல் கால்களைச் சுற்றி ஈரப் போச்சா போடுவார். ஃபெல்ட் திரி மாதிரி அந்தத் தண்ணீரை மேலே பசை வரைக்கும் இழுத்துக்கொள்ளும்.

செய்தது இதுதான். பழைய பசையைச் சமையலறைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுத்தேன். 120 எண் உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி அடியைத் தேய்த்து, உலர்ந்த துணியால் தூளைத் துடைத்தேன். பிறகு மெல்லிய வார்னிஷ் ஒரு கோட் அடித்து ஒரு நாள் காய விட்டேன். வெட்டு முகத்தின் துளைகளை அடைப்பது இந்த வேலையில் பாதிப் பங்கு. இதை விட்டுவிட்டு எவ்வளவு விலை கொடுத்து ஃபெல்ட் வாங்கினாலும் நிற்காது. மறுநாள் மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்து, அது ஆறியதும், 5 மி.மீ. கனத்தில் 30 மி.மீ. வட்ட ஃபெல்ட்டை நடுவில் வைத்து அரை நிமிடம் கட்டைவிரலால் அழுத்தினேன். வட்டத்துக்கு மூலை கிடையாது. காலைவிடச் சற்றுச் சிறியதாக இருப்பதால் விளிம்பும் இணைப்பில் தட்டாது.

ஒட்டியதும் நாற்காலியை நிமிர்த்தி உட்காரக் கூடாது. இந்தப் பசை அழுத்தினால் பிடிக்கும் வகை, முழுப் பிடிப்பு வர ஒரு நாளாவது ஆகும். ஆறு நாற்காலிகளும் அன்றிரவு மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. மாமி வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதிகம் இழுபடும் இரண்டு நாற்காலிகளுக்கு மட்டும் ஆணியோடு வரும் ஃபெல்ட் அடித்தேன். ஷீஷம் கெட்டி மரம், நேரே அடித்தால் பிளக்கும். ஆணியைவிடச் சற்று மெல்லிய துளை போட்டுவிட்டு அடிக்கவேண்டும். இந்த வகையில் ஓர் ஆபத்து இருக்கிறது, தயவுசெய்து மறக்காதீர்கள்: ஃபெல்ட் தேய்ந்து போனால் உள்ளே இருக்கும் ஆணித்தலை மார்பிளைத் தொடும். மேலே சொன்ன ஆழமான பள்ளங்கள் பல இப்படி வந்தவை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கவிழ்த்து, ஆணித்தலைக்கு மேலே ஃபெல்ட் இன்னும் எழும்பி நிற்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும்.

போச்சா போடும் முன் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைக்கும்படி தீதியிடம் மாமி சொன்னார். அதற்குத் தீதி சொன்ன பதில் நியாயமானது: “ஏழு கிலோவை ஆறு முறை நான் தூக்க முடியாது.” இப்போது மாமாவும் பேரனும் காலையில் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 24-ல் இரண்டு மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தன. அது மே மாதம்; வெளியே 45 டிகிரி அடிக்கும் நாட்களில் பசை இளகும், அதை முழுக்கத் தவிர்க்க முடியாது.

ரப்பர் புஷ்ஷை எடுத்தா தரையில வட்டமா கறை. தேய்ச்சா போகுமா?

முதலில் பள்ளிக்கூடத்து அழிரப்பரால் தேய்த்துப் பாருங்கள். போனால் அது மேலே பட்ட தேய்மானம், அதோடு விஷயம் முடிந்தது. போகவில்லை என்றால் கறை கல்லுக்குள் இறங்கியிருக்கிறது.

கறுப்பு ரப்பரில் அது வெடிக்காமல், காய்ந்து போகாமல் இருப்பதற்காகச் சில ரசாயனங்களும் எண்ணெய்களும் சேர்ப்பார்கள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அவை மெல்லக் கசிந்து வெளியே வரும். மார்பிளுக்கு நுண்துளைகள் உண்டு, அது உறிஞ்சிக்கொள்ளும். முதலில் மஞ்சளாகத் தெரிந்து, போகப் போகப் பழுப்பாகும். வாடகை வீடு ஒன்றைக் காலி செய்தபோது எங்கள் கட்டிலின் நான்கு கால் இருந்த இடத்திலும் இப்படி நான்கு பழுப்பு வட்டங்கள். முன்பணத்தில் ஒரு பகுதி அதற்கே போனது. அன்றைக்கு வருத்தம் பணத்துக்கு மட்டும் இல்லை. நல்ல கல்லைக் கெடுத்துவிட்டோமே என்பதுதான் ரொம்ப நாள் மனதில் இருந்தது.

வெள்ளை மார்பிள் என்றால் ஒரு முயற்சி செய்யலாம். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் சாக் பவுடரைக் குழைத்து, தோசைமாவுப் பதத்தைவிடக் கெட்டியாக, கறைமேல் அரை விரல் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தில் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு விழுது தானாகக் காயட்டும். காயும்போதுதான் கறையை மேலே இழுக்கும். முதலில் கட்டிலுக்கடியில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துவிடுங்கள். நிறம் உள்ள கல்லில் இதைச் செய்யாதீர்கள், வெளுத்துவிடும். ரப்பர் கறை இதனால் மங்கும். முழுக்கப் போவது அரிது. எலுமிச்சை, வினிகர், கழிப்பறை ஆசிட் எதையும் மார்பிளில் ஊற்றவே கூடாது. கறை அப்படியே இருக்கும், மெருகுதான் போகும்.

ரப்பர் போட்டே ஆகவேண்டிய இடத்தில் கறுப்புக்குப் பதில் நிறமற்ற சிலிக்கோன் உறை வாங்குங்கள். கட்டில், சோபாவுக்கு அது நன்றாகவே பிடித்து நிற்கும்.

இரும்புக் குழாய் நாற்காலி. புஷ் போட்டாலும் ஒரு மாசத்துல கிழிஞ்சிடுதே?

குழாயின் விளிம்பு கத்தி மாதிரி. மேலே எடை ஏறும்போது அது புஷ்ஷின் அடியை உள்ளிருந்து வட்டமாக அறுத்துவிடுகிறது. புஷ்ஷுக்குள் முதலில் ஒரு இரும்பு வாஷரைப் போட்டுவிட்டுக் குழாயை இறக்குங்கள். எடை வாஷர்மேல் பரவிவிடும், புஷ் பல மடங்கு நாள் வரும்.

அளவு தெரியாமல் வாங்கினால் கழன்றுவிடும். குழாயைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, அந்த நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் வெளிவிட்டம். நூல் 79 மி.மீ. வந்தால் குழாய் 25 மி.மீ. அந்தப் புஷ்ஷின் அடியில் ஃபெல்ட் வைத்தே இப்போது விற்கிறார்கள். சாப்பாட்டு நாற்காலிக்கு அதைக் கேட்டு வாங்குங்கள். சாவ்ரி பஜார் ஹார்ட்வேர் கடைகளில் பழைய நாற்காலிக்கால் ஒன்றின் புஷ்ஷைக் கழற்றி எடுத்துப் போய்க் காட்டுவது இன்னும் சுலபம்.

கார்க்கைப் பத்தி யாருமே சொல்றதில்லையே. அது எதுக்கு?

ஓர் ஓக் மரத்தின் பட்டைதான் கார்க். போர்ச்சுகலில்தான் உலகிலேயே அதிகம் எடுக்கிறார்கள். மரத்தை வெட்டாமல், 9 ஆண்டுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரிப்பார்கள். உள்ளே முழுக்கக் காற்று அடைத்த மிகச் சிறு அறைகள். அதனால் எடை வைத்தால் அது பக்கவாட்டில் பிதுங்காமல் கீழ்நோக்கி மட்டும் அமுங்கும், எடுத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். பூஜை அலமாரி, புத்தக அலமாரி, கனமான மேசை விளக்கு, தையல் மிஷின் மேசை போன்றவற்றுக்கு இதுபோல் அமைதியான பொருள் வேறு இல்லை. கறுப்பு ரப்பர்போல எண்ணெய் கக்காது.

ஆனால் இழுத்தால் பொடியும். கடையில் வரும் கார்க், துகள்களை ஒட்டிச் செய்த தாள். நாற்காலிக்குப் போட்டால் சில வாரத்தில் தரையெல்லாம் பழுப்புத் தூள். ஈரம் தேங்கும் இடத்திலும் வேண்டாம். பட்டையில் துவர்ப்புச் சத்து உண்டு, நனைந்து கிடந்தால் வெள்ளைக் கல்லில் சாயம் இறங்கலாம்.

நவராத்திரிக்குக் கொலுப்படி வைக்கும் வீடுகளுக்கு இதைக் குறிப்பாகச் சொல்வேன். இரும்புச் சட்டப் படியை மார்பிளில் நேரடியாக நிறுத்தி, மேலே மண் பொம்மைகளை அடுக்கிவிட்டு, கடைசி நேரத்தில் நாலு விரல் தள்ளுவோம். அந்த ஒரு தள்ளல் போதும் தரையில் கோடு விழ. 3 மி.மீ. கார்க் தாளைப் படியின் கால்களைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, இடத்தை முடிவு செய்த பிறகு, பொம்மை ஏறும் முன் அடியில் செருகுங்கள். ஒட்டவே வேண்டாம். தரை சமமில்லாமல் படி ஆடினால் அந்தக் காலுக்கு மட்டும் இரண்டு தாள்.

இரும்பு பீரோ, வாஷிங் மிஷினுக்கு?

பீரோவுக்குக் கார்க்கும் ஃபெல்ட்டும் கூடாது. இரண்டும் போச்சா ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், துருக்கறை மார்பிளில் இறங்கும். பீரோ காலுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் கிண்ணம் போதும். வாஷிங் மிஷின் அதிர்ந்து நகரும் சாமான், அதற்கு ரப்பர்தான். தரை மார்பிள் என்றால் ரப்பருக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு துண்டு டைல் வையுங்கள்.

பீரோவை இடம் மாற்றும்போது ஜமக்காளத்தை நான்காக மடித்துக் கால்களுக்கடியில் செருகி, துணியைப் பிடித்து இழுங்கள். அதற்கு முன் தரையைப் பெருக்கிவிடுங்கள், மறுபடியும் அதே மணல் காரணம்தான்.

கீழ் வீட்டுக்காரர் சத்தம்னு சொல்றார். ஃபெல்ட் போட்டா நிக்குமா?

இழுக்கும் சத்தம் நன்றாகக் குறையும். தூக்கி ‘டொம்’ என்று வைக்கும் சத்தம், குழந்தைகள் குதிக்கும் சத்தம் நிற்காது, 5 மி.மீ. ஃபெல்ட்டுக்கு அந்தச் சக்தி இல்லை. அவரிடம் எந்த நேரத்தில், எந்த மாதிரி சத்தம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரவு சாப்பாட்டு நேரத்துக் ‘கிரீச்’ என்றால் இந்த வேலை முழுப் பலன் தரும்.

எங்க வீட்டுல மார்பிள் இல்ல, விட்ரிஃபைட் டைல்ஸ். இவ்வளவும் வேணுமா?

வேண்டாம். அது மார்பிளைவிட நிறையக் கடினம், அமிலமும் பெரிதாகத் தொடாது. மணல் அதையும் கீறும், ஆனால் மெதுவாக. பளபளப்பான டைல்ஸில் சில வருடத்தில் நாற்காலி ஓடும் பாதை மட்டும் மங்கித் தெரியும். ஃபெல்ட்டை ஆந்திக் காலத்தில் மட்டும் கவனித்தால் போதும். டைல்ஸின் இணைப்புகள் மேடு பள்ளமாக இருக்கும் வீட்டில் சதுர ஃபெல்ட் வாங்காதீர்கள்.

பழைய பசை தரையிலயே ஒட்டிக் கறுத்துப் போச்சு. எப்படி எடுக்கறது?

டைல்ஸ் என்றால் தேங்காய் எண்ணெய் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, பிளாஸ்டிக் அட்டையால் தள்ளினால் வந்துவிடும். மார்பிளில் எண்ணெய் வைக்காதீர்கள், கல் குடித்துவிடும், நிழல் மாதிரி ஒரு திட்டு நிற்கும். அங்கே பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துப் பசைமேல் இரண்டு நிமிடம் வைத்து, இளகியதும் பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பால் ஒரே திசையில் தள்ளி எடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் சுத்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை.